பவுடர் ஏற்றிய கிரியேட்டினின்

பிரேசில் நாட்டின் சாவோ பாலோவில் 20 வயது இளைஞர் ஒருவர். அவருக்கு இருந்தது ஒரே ஒரு சிறுநீரகம். அதன் வேலைத்திறனும் வழக்கத்தைவிடச் சற்றுக் குறைவு. அப்படிப்பட்டவருக்கு ஆய்வாளர்கள் முதல் 5 நாள் தினமும் 20 கிராம், அடுத்த 30 நாள் தினமும் 5 கிராம் என்று கிரியேட்டின் பவுடர் கொடுத்தார்கள். அவர் சாப்பிட்டுவந்ததோ புரதம் மிக அதிகமான உணவு. ஒற்றைச் சிறுநீரகம், நிறையப் புரதம், அதற்கு மேல் கிரியேட்டின். கேட்டாலே நம் வீட்டுப் பெரியவர்கள் தலையில் கை வைத்துக்கொள்வார்கள்.

முடிவில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். 1.03 ஆக இருந்த கிரியேட்டினின் 1.27 ஆகியிருந்தது. அந்த எண்ணைக் கொண்டு சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மில்லி ரத்தநீரை வடிகட்டுகிறது என்று கணக்குப் போட்டால், 88 ஆக இருந்தது 71 ஆகச் சரிந்திருந்தது. இந்த இரண்டு எண்களை மட்டும் கையில் வைத்திருக்கும் எந்த மருத்துவரும், “அந்தப் பவுடரை உடனே நிறுத்துங்கள், கிட்னியைக் கெடுத்துவிட்டது” என்றுதான் சொல்வார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

ஆனால் இந்த ஆய்வாளர்கள் கணக்கோடு நிற்கவில்லை. மிகச் சிறிதளவு கதிரியக்கம் உள்ள ஒரு பொருளை ஊசி வழியே ஏற்றி, அது ரத்தத்திலிருந்து எவ்வளவு வேகமாக வடிகட்டப்படுகிறது என்று நேரடியாகவே அளந்தார்கள். உடலில் சேராமல், மாறாமல், சிறுநீரகம் வழியாக மட்டுமே வெளியேறும் பொருள் அது. கிரியேட்டின் கொடுக்கும் முன் வடிகட்டும் வேகம் 81.6. கொடுத்த பின் 82.0. ஒன்றுமே மாறவில்லை. சிறுநீரில் கசியும் அல்புமின் கூடவில்லை, ரத்தத்தில் யூரியாவும் கூடவில்லை. 2010-இல் அமெரிக்கச் சிறுநீரக மருத்துவ இதழ் ஒன்றில் இந்த விவரம் வெளியானது.

ஒரே ஆள், ஒரே சிறுநீரகம். கணக்கு சரிந்தது என்கிறது, அளவை அப்படியே இருக்கிறது என்கிறது. இரண்டில் பொய் சொன்னது எது? ரத்தப் பரிசோதனை பொய் சொல்லவில்லை. கிரியேட்டினின் உண்மையாகவே ஏறியிருந்தது. ஏறினால் அதற்குச் சிறுநீரகம்தான் காரணம் என்று எடுத்துக்கொண்ட கணக்குதான் தவறிப்போனது. எப்படி என்று பார்க்க, கிரியேட்டினின் எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கிரியேட்டின் வெளியிலிருந்து வந்த ரசாயனம் அல்ல. நம் சிறுநீரகமும் கல்லீரலும் சேர்ந்து தினமும் அதைத் தயாரிக்கின்றன. இறைச்சியிலும் மீனிலும் இருக்கிறது. எடை தூக்கும்போதும், பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போதும் தசைக்குச் சட்டென்று தேவைப்படும் சக்தியைக் கொடுப்பதில் அதற்குப் பங்கு உண்டு. 70 கிலோ எடையுள்ள ஓர் ஆணின் உடலில் ஏறத்தாழ 120 கிராம் கிரியேட்டின் இருக்கும், அதில் 95 சதவீதம் தசைகளில். இந்தக் கையிருப்பில் நாளொன்றுக்குச் சுமார் 1.7 சதவீதம் தானாகவே சிதைந்து கிரியேட்டினினாக மாறுகிறது. எந்த நொதியும் இதற்குத் தேவையில்லை, உடம்பு இதைக் கட்டுப்படுத்துவதும் இல்லை. 120 கிராமுக்குக் கணக்குப் போட்டால் நாளுக்கு 2 கிராம். அந்தக் கிரியேட்டினின் உடலுக்கு எதற்கும் பயன்படாத கழிவு. ரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தில் வடிகட்டப்பட்டு வெளியே போகிறது.

மருத்துவம் இந்தக் கழிவைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் அதன் ஒழுங்கு. ஒருவருடைய தசை அளவு நேற்றும் இன்றும் ஒன்றுதான் என்பதால், தினமும் உருவாகும் கிரியேட்டினினும் ஏறக்குறைய ஒன்றுதான். உருவாவது மாறாதபோது ரத்தத்தில் அளவு ஏறினால் வெளியேறுவது குறைந்துவிட்டது என்றுதானே பொருள்? மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீர் ஏறினால் வெளியேறும் குழாய் அடைத்துக்கொண்டது என்று சொல்லிவிடலாம், உள்ளே விழும் தண்ணீரின் வேகம் மாறாதவரை. யாரோ மேலே போய் வால்வை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டிருந்தால் குழாய் நன்றாக இருக்கும்போதே மட்டம் ஏறும்.

கிரியேட்டின் பவுடர் அந்த வால்வைத் திறக்கிறது. ஜிம்மில் சொல்லிக்கொடுக்கும் முறை எல்லோருக்கும் தெரியும்: முதல் வாரம் ‘லோடிங்’, நாளுக்கு 20 கிராம், பிறகு நாளுக்கு ஒரு ஸ்கூப், 3 முதல் 5 கிராம். ஒரு கிலோ பச்சை இறைச்சியில் உள்ள கிரியேட்டினே 4, 5 கிராம்தான் என்பதை வைத்துப் பார்த்தால், அந்தச் சின்ன ஸ்கூப்பின் கனம் புரியும். லோடிங்கில் தசையின் கையிருப்பு 20 முதல் 40 சதவீதம் வரை உயரக்கூடும். குறைந்தபட்சமான 20 சதவீதத்தையே எடுத்துக்கொள்வோம். 120 கிராம் 144 ஆகிறது. அதில் 1.7 சதவீதம் சிதைந்தால் நாளுக்கு 2 கிராமுக்குப் பதில் 2.4 கிராம் கிரியேட்டினின். சிறுநீரகம் முன்பு வடிகட்டிய அதே வேகத்தில் வடிகட்டிக்கொண்டிருந்தாலும், ரத்தத்தில் மட்டம் ஐந்தில் ஒரு பங்கு உயர்ந்துதான் நிற்கும். சாவோ பாலோ இளைஞருக்கு 1.03 என்பது 1.27 ஆனது 23 சதவீத உயர்வு. கணக்கு எவ்வளவு கிட்டத்தில் வந்து நிற்கிறது பாருங்கள்.

சைவம் மட்டுமே சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி. உணவு வழியே கிரியேட்டின் வராததால் அவர்கள் தசையின் கையிருப்பு பொதுவாகக் குறைவு. பவுடர் சாப்பிடும்போது அவர்களுக்கு ஏற்றம் அதிகமாகத் தெரியலாம்.

இனி லேப் ரிப்போர்ட்டுக்கு வருவோம். கிரியேட்டினினுக்குக் கீழே இப்போதெல்லாம் பல லேப்கள் ஈ.ஜி.எஃப்.ஆர். என்று இன்னொரு வரியும் அச்சிட்டுக் கொடுக்கின்றன. சிறுநீரகத்தின் வடிகட்டும் வேகம் என்று அதைச் சொல்கிறார்கள். பலரும் அதைத் தனியாகச் செய்த பரிசோதனை என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கிரியேட்டினின், வயது, ஆணா பெண்ணா என்ற மூன்றையும் ஒரு சூத்திரத்தில் போட்டால் வரும் எண்தான் அது. ஆக, கிரியேட்டினினில் உள்ள குழப்பம் முழுதும் அப்படியே இங்கேயும் வந்து உட்கார்ந்துகொள்ளும். மேல் வரி ஏறியதையும் கீழ் வரி இறங்கியதையும் பார்த்து இரண்டு சாட்சிகள் ஒன்றுபோல் பேசுவதாக நினைத்துவிடுகிறோம். பேசுவது ஒரே சாட்சிதான்.

அந்தச் சூத்திரத்துக்கு உங்கள் தோள் அகலம் தெரியாது. 30 வயது ஆண் ஒருவர், பத்து வருடமாக எடை தூக்கி உடம்பைத் திரட்டி வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தசை அதிகம் என்பதாலேயே பவுடர் எதுவும் இல்லாதபோதே அவருடைய கிரியேட்டினின் 1.3. இன்று பரவலாகப் பயன்படும் 2021-ஆம் ஆண்டுச் சூத்திரத்தில் போட்டால் ஈ.ஜி.எஃப்.ஆர். 76. அவர் கிரியேட்டின் ஆரம்பிக்கிறார், கிரியேட்டினின் 1.6 ஆகிறது. ஈ.ஜி.எஃப்.ஆர். 59. இந்த 59 சும்மா ஓர் எண் அல்ல. மூன்று மாதத்துக்கு மேல் 60-க்குக் கீழேயே இருந்தால் நாள்பட்ட சிறுநீரக நோய் என்று பெயர் வைப்பது மருத்துவ விதி. பவுடரை விடாமல் சாப்பிட்டுவந்தால் மூன்று மாதம் கழித்தும் எண் அங்கேயேதான் நிற்கும். விதியின்படி பார்த்தால் அவர் நோயாளி ஆகிவிடுகிறார்.

அதன் பிறகு நடப்பதெல்லாம் அந்த எண்ணை நம்பியே நடக்கும். ஸ்கேன் எடுக்கப் போனால் கான்ட்ராஸ்ட் மருந்து போடலாமா என்று யோசிப்பார்கள். சில மருந்துகளின் அளவைக் குறைப்பார்கள். இன்ஷூரன்ஸ் மெடிக்கலில் ஆயிரம் கேள்வி வரும். அண்ணனுக்குச் சிறுநீரகம் தானம் கொடுக்க வந்த தம்பியின் ரிப்போர்ட்டில் இந்த எண் இருந்தால், முதல் சுற்றிலேயே அவரைச் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். ‘கிட்னி போச்சு’ என்ற பயத்தில் வீட்டில் தூக்கம் கெடுவது தனிக் கணக்கு.

இந்தக் கட்டத்தில் நம்மவர்கள் வழக்கமாகச் செய்வது வேறு லேபில் போய்த் திரும்ப டெஸ்ட் எடுப்பது. அதில் பயன் இல்லை. லேப் தவறு செய்யவில்லை என்பதால் அடுத்த லேபும் அதே 1.6-ஐத்தான் காட்டும். “ரெண்டு லேப்லயும் ஒண்ணுதான் சார்” என்று பயம் இரட்டிப்பாவதுதான் மிச்சம். இரண்டு நாள் பவுடரை நிறுத்திவிட்டு ரத்தம் கொடுப்பதும் இதே கதைதான். ஏறியிருப்பது தசையின் கையிருப்பு. நிறுத்திய பின் அது பழைய அளவுக்கு இறங்கக் கிட்டத்தட்ட ஒரு மாதம் பிடிக்கும்.

இந்தக் குழப்பம் புதிதும் அல்ல. 1998-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இங்கிலாந்து மருத்துவர்கள் இருவர் ஒரு கடிதம் எழுதினார்கள். ஏற்கெனவே சிறுநீரக நோய் இருந்து, அதற்காக சைக்ளோஸ்போரின் மருந்தும் எடுத்துவந்த 25 வயது இளைஞர் கிரியேட்டின் சாப்பிட்டபோது அவருடைய கிரியேட்டினின் அளவுகள் மோசமாயின. நிறுத்தியதும் ஒரு மாதத்தில் பழைய நிலைக்குத் திரும்பின. அதைப் படித்த பிரான்ஸின் விளையாட்டு நாளேடு ‘லெகிப்’, கிரியேட்டின் சிறுநீரகத்துக்கு ஆபத்து என்று செய்தி போட்டது. மற்ற நாட்டுப் பத்திரிகைகளும் பிடித்துக்கொண்டன. அந்த ஒரு நோயாளியின் எண்கள் ஏன் மாறின என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே அப்போது வாதம் நடந்தது. ஆனால் செய்தி அதற்குள் ஜிம் வரை போய்விட்டது. அடுத்த ஆண்டே பெல்ஜியம் ஆய்வாளர்கள், பத்து மாதம் முதல் ஐந்து வருடம் வரை கிரியேட்டின் எடுத்துவந்த விளையாட்டு வீரர்களைப் பரிசோதித்து, சிறுநீரக வேலைத்திறனில் பாதிப்பு இல்லை என்று எழுதினார்கள். அது அவ்வளவாக யார் காதிலும் விழவில்லை.

மருத்துவர்கள் ஏமாறுவதில் பாதிக் காரணம் இந்தப் பக்கம் இருக்கிறது. அவர் கேட்கிறார்: “மாத்திரை, மருந்து ஏதாவது எடுக்கிறீங்களா தம்பி?” பதில்: “ஒண்ணும் இல்ல டாக்டர்.” பையன் பொய் சொல்லவில்லை. அவன் கணக்கில் ஜிம் பவுடர் மருந்தே இல்லை. ஹார்லிக்ஸ், பூஸ்ட் வரிசையில் வருகிற ஒன்று. ‘புரோட்டீன் எடுக்கறேன்’ என்று சொல்பவர்களும் உண்டு. அதுவும் போதாது. வே புரோட்டீன் டப்பா வேறு, கிரியேட்டின் டப்பா வேறு. உடற்பயிற்சிக்கு முன் கலக்கிக் குடிக்கும் ‘ப்ரீ ஒர்க்கவுட்’ கலவைகள் பலவற்றிலும், எடை கூட்டும் ‘மாஸ் கெய்னர்’ சிலவற்றிலும் கிரியேட்டின் கலந்தே வருகிறது. வாங்கியவருக்கே அது தெரியாமல் இருக்கலாம். டப்பாவைச் செல்போனில் படம் எடுத்துப்போய்க் காட்டுவதுதான் நல்லது. மருத்துவர்களும் கேள்வியைக் கொஞ்சம் மாற்றலாம். “ஜிம்முக்குப் போறீங்களா? என்ன பவுடர்?” என்று கேட்டால் விஷயம் அரை நிமிடத்தில் வெளியே வந்துவிடும்.

சந்தேகம் வந்த பின் அதைத் தீர்க்க வழி இருக்கிறது. சாவோ பாலோவில் செய்தது போன்ற நேரடி அளவை எல்லோருக்கும் தேவையில்லை. தசையைச் சார்ந்திராத இன்னொரு பொருளை ரத்தத்தில் பார்த்தால் போதும். அதன் பெயர் சிஸ்டாட்டின் சி. உடலின் கருவுள்ள எல்லா உயிரணுக்களும் சீராக உருவாக்கும் ஒரு சிறிய புரதம் இது. சிறுநீரகம் இதையும் வடிகட்டுகிறது. பவுடர் சாப்பிட்டாலும், மட்டன் சாப்பிட்டாலும் இது அதற்காக ஏறாது. மேலே சொன்ன 30 வயதுக்காரருக்கே சிஸ்டாட்டின் சி எடுத்து, அது 0.85 என்று வந்தால், அதற்குரிய சூத்திரத்தில் வடிகட்டும் வேகம் 109. ஒரு ரிப்போர்ட்டில் 59, இன்னொன்றில் 109. இவ்வளவு பெரிய இடைவெளி தெரிந்துவிட்டால், கிரியேட்டினின் ஏறியதற்குக் காரணம் பெரும்பாலும் வடிகட்டி அல்ல, வரத்து என்று ஊகிக்கலாம். கிரியேட்டினினை நம்ப முடியாத இடங்களில் சிஸ்டாட்டின் சி-யையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது 2024-இல் வெளியான உலகச் சிறுநீரக மருத்துவ வழிகாட்டியும் சொல்வதுதான்.

சிஸ்டாட்டின் சி-க்கும் அதன் பலவீனம் உண்டு. தைராய்டு கோளாறு, ஸ்டீராய்டு மாத்திரை, அதிக உடல் பருமன், புகைப்பழக்கம், உடலில் அழற்சி ஆகியவை அந்த எண்ணை அசைக்கும். எல்லா ஊர் லேபிலும் கிடைக்காது, விலையும் கிரியேட்டினினைவிட அதிகம். கிடைக்காத ஊரில் பழைய வழிதான்: பவுடரை ஒரு மாதம் நிறுத்திவிட்டு, ரத்தம் கொடுப்பதற்கு ஓரிரு நாள் முன்பிலிருந்து கடுமையான உடற்பயிற்சியை விட்டு, முந்தின இரவு கறி விருந்து இல்லாமல், திரும்பக் கிரியேட்டினின் பார்ப்பது. கறியைச் சமைக்கும்போதே அதிலுள்ள கிரியேட்டினில் கொஞ்சம் கிரியேட்டினினாக மாறுகிறது என்பதால் அந்த விருந்தும் எண்ணை ஏற்றும். எண் இறங்கிப் பழைய இடத்துக்கு வந்தால் விஷயம் முடிந்தது. வராவிட்டால் காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்.

இதோடு ஒரு சிறுநீர்ப் பரிசோதனையும் அவசியம். என் பார்வையில் இந்த விவகாரம் முழுவதிலும் மிகக் குறைந்த செலவில் மிக அதிகம் சொல்லும் பரிசோதனை அதுதான். கிரியேட்டின் பவுடர் ரத்தத்தில் கிரியேட்டினினை ஏற்றுமே தவிர, சிறுநீரில் அல்புமினைக் கசியவிடாது, ரத்த அணுக்களை வரவைக்காது. சிறுநீரில் அல்புமின் கூடியிருந்தாலோ, ரத்த அழுத்தம் உயர்ந்திருந்தாலோ, பொட்டாசியம் ஏறியிருந்தாலோ, “பவுடரால்தான் சார்” என்ற சமாதானம் செல்லாது. யூரியாவை மட்டும் இந்த வரிசையில் சேர்க்கத் தயக்கம்; முட்டையும் வே புரோட்டீனும் அதிகம் சாப்பிட்டாலே அது ஏறும்.

பழைய ரிப்போர்ட் இருந்தால் இன்னும் நல்லது. பவுடரின் வேலை ஒரு படி ஏற்றிவிட்டு அங்கேயே நிற்பது. பெரும்பாலும் 0.1, 0.2, அதிகம் போனால் 0.3 அளவில் உயர்ந்து, சாப்பிடும் வரை அந்த மட்டத்திலேயே இருக்கும். மாதாமாதம் 1.3, 1.6, 2.1 என்று ஏறிக்கொண்டே போனால் அது கிரியேட்டினின் வேலை அல்ல. சிறுநீரகத்தை உடனே பார்க்க வேண்டும்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. ‘கிரியேட்டினால் ஏறினால் பரவாயில்லை’ என்பதை அரைகுறையாகக் கேட்டுவிட்டு, உண்மையான நோயைப் பவுடர் தலையில் போட்டுவிடும் ஆபத்து மறுபக்கத்தில் இருக்கிறது. ஜிம்மில் கிரியேட்டின் மட்டுமா புழங்குகிறது? மூட்டு வலிக்கென்று டாக்டரைக் கேட்காமல் வாரக்கணக்கில் விழுங்கும் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்தை நிஜமாகவே கெடுக்கும். உடம்பைச் சீக்கிரம் ஏற்ற ரகசியமாகப் போட்டுக்கொள்ளும் அனபாலிக் ஸ்டீராய்டு ஊசியால் வடிகட்டிகள் தழும்பேறிப்போன பாடிபில்டர்களைப் பற்றி மருத்துவ இதழ்கள் எழுதியிருக்கின்றன. தசை அளவுக்கு மீறி நொறுங்கி, சிறுநீர் கோலா நிறத்தில் போகும் நிலையும் உண்டு. இவற்றிலும் கிரியேட்டினின் ஏறத்தான் செய்யும். ரிப்போர்ட்டில் எண் ஒன்றுபோலவே தெரியும். சிறுநீர்ப் பரிசோதனையும், வேகமாக ஏறிக்கொண்டே போகும் எண்ணும்தான் இவற்றைப் பிரித்துக் காட்டும்.

ஆரோக்கியமான சிறுநீரகம் உள்ளவர்கள் சொன்ன அளவில் கிரியேட்டின் எடுப்பதால் சிறுநீரகம் கெடுவதாக இதுவரை நடந்த ஆய்வுகள் காட்டவில்லை. ஏற்கெனவே சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கும், மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டவர்களுக்கும் இதே உறுதியைக் கொடுக்க முடியாது. சாவோ பாலோ இளைஞர் ஒருவர்தான். அவரும் மருத்துவர்களின் கண்காணிப்பில், சில வாரங்கள் மட்டுமே எடுத்தார். தவிர, இப்படிப்பட்டவர்களுடைய கிரியேட்டினினை மருத்துவர் தொடர்ந்து கவனித்துத்தான் சிகிச்சையை நடத்துகிறார். அந்த எண்ணையே குழப்பிவிடும் ஒரு பொருளை அவருக்குத் தெரியாமல் சாப்பிடுவது சரியல்ல.

ஆகவே ஜிம்முக்குப் போகிற தம்பி, தங்கைகளுக்கு: முடிந்தால் பவுடர் டப்பாவைத் திறக்கும் முன்பே ஒருமுறை கிரியேட்டினினும் சிறுநீரில் அல்புமினும் பார்த்து, அந்த ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எதற்காக ரத்தம் கொடுக்கப் போனாலும், என்ன பவுடர், எத்தனை கிராம், எத்தனை நாளாக என்று மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். முகம் வீங்கினாலோ, கால் வீங்கினாலோ, சிறுநீர் நுரைத்தாலோ, நிறம் மாறினாலோ, அளவு குறைந்தாலோ, ஒரு மாதம் நிறுத்திப் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.